நெற்றியிலும் தலையிலும் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம்: அக்கி வந்தால் முதல் மூன்று நாளில் செய்ய வேண்டியவை

"சீப்பை வெச்சாலே உயிர் போகுது டாக்டர், வலது பக்கம் மட்டும்."

ஒரு புதன்கிழமை மாலை என் கிளினிக்குக்கு வந்த 61 வயது அம்மா சொன்ன முதல் வார்த்தை இது. தையல் வேலை செய்பவர். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. வலப்பக்க நெற்றி சிவந்து தடித்திருந்தது, வலது மேல் இமை பாதிக் கண்ணை மூடும் அளவுக்கு வீங்கியிருந்தது. புருவத்துக்கு மேலே கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள். நெற்றியின் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல அந்தச் சிவப்பு நின்றுவிட்டது. இடப்பக்கம் சுத்தமாக இருந்தது.

இது அக்கி. ஆங்கில மருத்துவத்தில் ஹெர்பஸ் சோஸ்டர் என்பார்கள். முதுகிலோ இடுப்பிலோ வரும் அக்கியைப் பலரும் பார்த்திருப்போம். தலையிலும் நெற்றியிலும் வருவதும் அதே நோய்தான். ஆனால் இந்த இடத்தில் வந்தால் கண்ணும் சேர்ந்து ஆபத்தில் இருக்கிறது. அதனால் இதற்கு மட்டும் தனியாக ஒரு வழிகாட்டி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். அந்த அம்மாவின் கதையை வைத்தே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

ஏன் பாதி நெற்றி மட்டும்?

சின்ன வயதில் அம்மை போட்டிருக்கும். சிலருக்கு அது நினைவில் இருக்காது. அந்தச் சின்னம்மைக் கிருமியான வேரிசெல்லா சோஸ்டர் வைரஸ், உடம்பு குணமான பிறகும் வெளியேறுவதில்லை. நரம்புகளின் வேர்ப்பகுதியில் உள்ள முடிச்சுகளில் பல ஆண்டுகள் தூங்கிக்கொண்டே இருக்கும். வயதானாலோ, சர்க்கரை நோய், புற்றுநோய் சிகிச்சை, நீண்ட நாள் ஸ்டீராய்டு, எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தாலோ ஏதோ ஒரு முடிச்சில் மட்டும் அது விழித்துக்கொள்ளும். விழித்த வைரஸ் அந்த ஒரு நரம்பின் வழியாகவே தோலுக்கு வந்து சேரும். அந்த நரம்பு எந்தப் பகுதிக்குப் போகிறதோ அந்தப் பகுதியில் மட்டும்தான் கொப்புளம் வரும்.

முகத்துக்கு வலமும் இடமும் தனித்தனி நரம்பு. ஒவ்வொன்றுக்கும் மூன்று கிளைகள். அவற்றில் மேல்கிளைதான் நெற்றி, உச்சி வரையிலான தலைத்தோல், மேல் இமை, மூக்கின் பக்கவாட்டிலிருந்து நுனி வரையிலான தோல் ஆகியவற்றுக்குப் போகிறது. கண்ணுக்குள் போவதும் அதே மேல்கிளைதான். நெற்றியில் நான்கு கொப்புளம் பார்த்ததும் நாங்கள் கண்ணைப் பற்றிக் கவலைப்படுவதற்குக் காரணம் இதுதான். சிகிச்சை இல்லாமல் விட்டால் இப்படி வருபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கண்ணில் ஏதாவது ஒரு பாதிப்பு வருகிறது.

உச்சிக்குப் பின்னால், பிடரியில், காதுக்குப் பின்புறம் மட்டும் கொப்புளம் இருந்தால் அது கழுத்திலிருந்து வரும் வேறு நரம்பு. அங்கே கண்ணுக்கு ஆபத்து குறைவு. மருந்து மட்டும் அதே மருந்து, அதே அவசரம்.

முதல் படி: முடியை விலக்கிப் பாருங்கள்

இந்த அக்கி கொப்புளத்தில் தொடங்குவதில்லை, வலியில் தொடங்குகிறது. கொப்புளம் வருவதற்கு ஒன்று முதல் ஐந்து நாள் முன்பே தலையின் ஒரு பக்கத்தில் எரிச்சல், சுருக் சுருக்கென்று குத்தல், மரத்துப்போன உணர்வு வரும். தலையணையில் அந்தப் பக்கம் சாய முடியாது. சீப்புப் பட்டால், ஏன், ஃபேன் காற்றில் முடி அசைந்தால்கூட வலிக்கும். சாதாரணத் தலைவலியில் வலி மண்டைக்குள்ளே இருக்கும். இதில் தோலே வலிக்கும். இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்த அம்மாவுக்கு வலி தொடங்கியது சனிக்கிழமை. ஞாயிறு முழுவதும் ஒற்றைத் தலைவலி என்று தைலம் தேய்த்திருக்கிறார். திங்கள் இரவு நெற்றியில் முடியோரமாகச் சிவந்தது. செவ்வாய் காலையில் ஐந்தாறு நீர்க்கொப்புளம். முந்தைய வாரம் முடிக்கு டை அடித்திருந்ததால் அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். மருந்துக்கடையில் கேட்டதற்கு அலர்ஜி மாத்திரையும் ஒரு க்ரீமும் கொடுத்திருக்கிறார்கள். அந்த க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. புதன்கிழமை காலையில் இமை வீங்கியது.

"எப்போ முதல் கொப்புளம் பார்த்தீங்கம்மா?" என்று கேட்டேன். செவ்வாய் காலை என்றார். நான் சீப்பின் பின்பக்கத்தால் முடியை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். நெற்றியில் இருந்தவை தெளிந்த நீர் நிறைந்த புதுக் கொப்புளங்கள். ஆனால் முடிக்குள், வகிடுக்கு வலப்புறம் இருந்தவற்றில் சில ஏற்கெனவே மஞ்சளாகிக் காயத் தொடங்கியிருந்தன. அப்படியென்றால் திங்கள் காலையிலேயே அவை வந்திருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவர் நினைத்ததைவிட ஒரு நாள் கூடுதலாகக் கடந்துபோயிருந்தது.

அதனால் சொல்கிறேன்: ஒரு பக்கத் தலைத்தோல் காரணமில்லாமல் எரிந்தால் அன்றைக்கே ஒருவரை விட்டு முடியை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அடுத்த நான்கைந்து நாள் காலையும் மாலையும் பார்க்க வேண்டும்.

குழப்பும் வேறு சில நோய்களும் உண்டு. டை ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், காதோரமும் கழுத்தும் சேர்ந்து வீங்கும், வலியைவிட அரிப்பே அதிகம். மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றிவரும் சிறு வண்டு தோலில் நசுங்கினால் அதன் நீர் பட்ட இடம் கோடு போட்டதுபோல் வெந்து கொப்பளிக்கும். அது தூங்கி எழுந்ததும் திடீரென்று தெரியும், அதற்கு முன்பு பல நாள் வலி இருந்திருக்காது. வேனல்கட்டியோ சீழ்க்கட்டியோ நடுக்கோட்டை மதிப்பதில்லை. அக்கி மதிக்கும். ஒரு பக்கம், நடுவில் நிற்பது, முன்னால் வந்த வலி, கொத்தாக நீர்க்கொப்புளம், இந்த நான்கும் சேர்ந்தால் பெரும்பாலும் பரிசோதனைகூடத் தேவையில்லை, பார்த்தே சொல்லிவிடலாம்.

ஒரே ஒரு விஷயம் ஏமாற்றும். இமையின் தோல் மிகத் தளர்வானது. நெற்றியில் கோத்த நீர் மூக்குத்தண்டைத் தாண்டி அடுத்த கண் இமைக்கும் இறங்கும். இரண்டு கண்ணும் வீங்கியிருக்கிறதே, அப்போது அக்கி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வீக்கத்தைப் பார்க்காமல் கொப்புளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாம் படி: 72 மணி நேரக் கணக்கு

முதல் கொப்புளம் வந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை தொடங்க வேண்டும். கணக்கு வலியிலிருந்து அல்ல, கொப்புளத்திலிருந்து தொடங்குகிறது.

ஏன் இந்தக் கணக்கு? இந்த மாத்திரைகள் வைரஸைக் கொல்வதில்லை, அது பெருகுவதைத் தடுக்கின்றன. பெருக்கம் உச்சத்தில் இருப்பது முதல் சில நாள்தான். அந்த நாள்களில் வைரஸ் நரம்பையே அரித்துக்கொண்டு தோலுக்கும் கண்ணுக்கும் போகிறது. அப்போது தடுத்தால் புதுக் கொப்புளம் வருவது சீக்கிரம் நிற்கும், வலி சீக்கிரம் தணியும், கண்ணில் இறங்கும் வாய்ப்புக் கணிசமாகக் குறையும். எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு தொடங்கினால் தடுப்பதற்குப் பெரிதாக எதுவும் மிச்சம் இருக்காது. நரம்பு ஏற்கெனவே காயப்பட்டிருக்கும்.

ஆனால் 72 மணி நேரம் கடந்துவிட்டது என்பதற்காக வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்தாலோ, கண்ணோ இமையோ பாதிக்கப்பட்டிருந்தாலோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருந்தாலோ நான்காம் நாளிலும் ஐந்தாம் நாளிலும்கூட நாங்கள் மருந்து தொடங்குகிறோம். "நாள் தாண்டிடுச்சு, இனிமே போய் என்ன ஆகப்போகுது" என்று நின்றுவிடுவதுதான் உண்மையான இழப்பு.

மருத்துவரிடம் போகும்போது மூன்று தகவல்களைக் கையில் வைத்திருங்கள். முதல் கொப்புளம் எப்போது என்பது ஒன்று. அன்றைக்கு எடுத்த செல்ஃபோன் படம் இருந்தால் மிக நல்லது. சிறுநீரகக் கோளாறு உண்டா, கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின் எவ்வளவு என்பது இரண்டாவது. இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் மூன்றாவது. கர்ப்பிணியாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோல் மருத்துவரைத் தேடி அப்பாயின்ட்மென்ட்டுக்காக இரண்டு நாள் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பொது மருத்துவரோ அரசு மருத்துவமனையோ அன்றைக்கே மருந்தைத் தொடங்கிவிட முடியும்.

மூன்றாம் படி: மாத்திரை, அதுவும் சரியான அளவில்

பெரியவர்களுக்கு வழக்கமான அளவுகள் இவை. வாலாசைக்ளோவிர் என்றால் 1000 மி.கி., நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள். ஃபாம்சிக்ளோவிர் என்றால் 500 மி.கி., நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள். அசைக்ளோவிர் என்றால் 800 மி.கி., நாளுக்கு ஐந்து வேளை, ஏழு முதல் பத்து நாள். மூன்றில் எதுவாக இருந்தாலும் மருத்துவர் எழுதித் தர வேண்டும், ஏனென்றால் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

நான் பார்க்கும் தவறுகளில் முதலிடம் அளவுக் குறைவுக்குத்தான். உதட்டோரம் வரும் சாதாரணக் கொப்புளத்துக்கு அசைக்ளோவிர் 200 அல்லது 400 மி.கி. கொடுப்பது வழக்கம். அதே அட்டையைக் கடையில் வாங்கி அக்கிக்கும் சாப்பிடுகிறார்கள். சின்னம்மை வைரஸ் இந்த மருந்துக்கு அவ்வளவு எளிதில் மசியாது, அதனால்தான் 800. மருந்துச்சீட்டில் 800 என்றிருந்து கையில் 400 மாத்திரை இருந்தால் வேளைக்கு இரண்டா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, க்ரீமோடு நின்றுவிடுவது. அசைக்ளோவிர் க்ரீம் தோலின் மேல் இருக்கிறது, நோயோ உள்ளே நரம்பில் இருக்கிறது. இந்த நோய்க்கு க்ரீம் மாத்திரைக்குப் பதிலாகாது. ஸ்டீராய்டு கலந்த க்ரீம் இன்னும் மோசம்.

ஐந்து வேளை என்பதை வீட்டில் கடைப்பிடிப்பது சிரமம். காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று ஃபோனில் அலாரம் வைத்துவிட்டால் ஒரு வேளையும் தப்பாது. அதனால்தான் வசதி இருப்பவர்களுக்கு மூன்று வேளை மருந்தையே நான் எழுதுகிறேன். எதுவானாலும் தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும், மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. இதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு குடியுங்கள்.

அந்த அம்மாவுக்கு வாலாசைக்ளோவிர் எழுதினேன். முதல் மாத்திரையைக் கிளினிக்கிலேயே போட வைத்து, அதே நேரம் கிரியேட்டினினுக்கு ரத்தம் எடுத்தோம். மறுநாள் காலையில் முடிவு சரியாக இருந்ததால் அளவை மாற்றவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, குறிப்பாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு, முழு அளவு கொடுத்தால் மருந்து உடம்பில் தேங்கி மூளையைக் குழப்பிவிடும். மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று நாளில் வயதானவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ இல்லாததைப் பார்ப்பதாகச் சொன்னாலோ அது மருந்தாகவும் இருக்கலாம், வைரஸ் மூளைக்குப் பரவியதாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் உடனே மருத்துவமனை.

நான்காம் படி: கண் மருத்துவரிடம், அதே நாளில்

"கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு டாக்டர்?" என்று அவர் மகன் கேட்டார். நியாயமான கேள்வி. நான் அந்த அம்மாவின் மூக்கைக் காட்டினேன். வலப்பக்க மூக்கு நுனியில் கடுகளவு ஒரு கொப்புளம் இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த ஜொனாதன் ஹட்சின்சன் என்ற மருத்துவர் கவனித்துச் சொன்ன அறிகுறி இது. மேல்கிளை நரம்பிலிருந்து பிரியும் ஒரு சிறு இழை மூக்கு நுனிக்கும் போகிறது, கண்ணின் உட்பகுதிக்கும் போகிறது. நுனியில் கொப்புளம் வந்திருந்தால் அந்த இழையில் வைரஸ் ஓடுகிறது என்று பொருள், கண்ணுக்கும் அது போயிருக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் இதைத் தலைகீழாகப் படிக்கக் கூடாது. மூக்கில் ஒன்றும் இல்லாமலே கண் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. கண் சிவப்பு, கூச்சம், நீர் வடிதல், மங்கல், கண்ணுக்குள் வலி இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலோ, இமையில் கொப்புளம் இருந்தாலோ, மூக்கு நுனியில் இருந்தாலோ அன்றே கண் மருத்துவர். எதுவும் இல்லாவிட்டாலும் நெற்றி அக்கிக்கு இரண்டொரு நாளில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

வீங்கிய இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்ப்பது போதாது. கண்ணில் ஒரு சொட்டு மஞ்சள் சாயம் விட்டு, ஸ்லிட் லேம்ப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவியில் நீல ஒளியில் பார்த்தால்தான் கருவிழியின் மேல் உள்ள சிறு புண்கள் தெரியும். கண்ணின் அழுத்தமும் பார்ப்பார்கள், ஏனென்றால் இந்த நோயில் அது சத்தமில்லாமல் ஏறும். அந்த அம்மாவுக்கு முதல் நாளில் கருவிழியில் இரண்டு சிறு புண் மட்டும் தெரிந்தது. ஈரப்பதச் சொட்டு கொடுத்து நான்கு நாளில் வரச் சொன்னார்கள்.

அந்த நான்காம் நாள்தான் முக்கியம். கொப்புளங்கள் காயத் தொடங்கியிருந்தன, வீக்கம் பாதியாகியிருந்தது, போக வேண்டாம் என்றே வீட்டில் நினைத்திருக்கிறார்கள். போன இடத்தில் கண்ணுக்குள் அழற்சி தொடங்கியிருப்பது தெரிந்தது. தோல் ஆறும்போது கண் கெடுவது இந்த நோயில் சகஜம். கண்ணுக்குள் வரும் அழற்சி பெரும்பாலும் கொப்புளம் வந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் தலைகாட்டும், சிலருக்கு மாதங்கள் கழித்தும் வரும். அவருக்கு ஸ்டீராய்டு சொட்டு தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்தார்கள்.

ஸ்டீராய்டு சொட்டு கண் மருத்துவர் கண்ணைப் பார்த்த பிறகு எழுதினால் பார்வையைக் காப்பாற்றும். அதே சொட்டைக் கடையில் வாங்கி நாமே விட்டால் கருவிழிப் புண் ஆழமாகலாம், அழுத்தம் ஏறலாம். சட்டென்று நிறுத்தினாலும் அழற்சி திரும்பிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. வைரஸ் சில நேரம் கருவிழியின் உணர்வையே மழுங்கடித்துவிடும். அப்படிப்பட்டவருக்குக் கண்ணில் தூசி விழுந்தாலும் புண் வந்தாலும் வலிக்காது. வலி இல்லை, அதனால் கண் நன்றாக இருக்கிறது என்ற கணக்கு இங்கே செல்லாது.

அக்கி எழுதுவதைப் பற்றி

புதன்கிழமை என்னிடம் வராமல் இருந்திருந்தால் மறுநாள் காலையில் அந்த அம்மா அக்கி எழுதப் போயிருப்பார். குயவர் வீட்டில் செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் உருவம் வரைவது நம் ஊர்களில் தலைமுறைகளாக இருக்கும் வழக்கம். என் பாட்டியும் போயிருக்கிறார். அவருக்கு ஆறியும் போனது. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும் ஒருவருக்கு அக்கிக் கொப்புளம் எந்த மருந்தும் இல்லாமலே இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறிவிடும். காவி பூசினாலும் ஆறும், பூசாவிட்டாலும் ஆறும். ஈர மண் சற்று நேரம் குளிர்ச்சி தருவதும் உண்மை. ஆனால் தோலின் மேல் இருக்கும் மண் கண்ணுக்குள் போகும் வைரஸை நிறுத்தாது. மூன்று நாள், ஐந்து நாள் என்று எழுதிக்கொண்டிருக்கும்போது மாத்திரைக்கான நாள்கள் போய்விடுகின்றன. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழும் பிடிக்கும், அடியில் என்ன நடக்கிறது என்று எங்களுக்கும் தெரியாது.

நம்பிக்கையை விட முடியாதவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. மாத்திரையை இன்றே தொடங்குங்கள், காவியைக் கொப்புளம் உடையாத இடத்தோடு நிறுத்துங்கள், இமைக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சில வீடுகளில் இதை அம்மை என்று நினைத்து மருந்தும் வேண்டாம், குளியலும் வேண்டாம் என்று வைத்துவிடுகிறார்கள். அந்த வீடுகளில் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசத்தான் வேண்டியிருக்கிறது. வேப்பிலையை வாசலில் வைத்துக்கொள்ளட்டும், மாத்திரை உள்ளே போகட்டும்.

தலைத்தோலை எப்படிப் பார்த்துக்கொள்வது

முடியை மழிக்கத் தேவையில்லை. வெதுவெதுப்பான நீரில் மென்மையாகத் தலை குளிக்கலாம், மிதமான ஷாம்பு போதும். சீயக்காய்த் தூளைத் தேய்ப்பது புண்ணை உரசும், அதனால் ஆறும்வரை வேண்டாம். எண்ணெய், டை, மஞ்சள், பற்பசை எதுவும் பூச வேண்டாம். பொருக்கு முடியோடு ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்துப் பத்து நிமிடம் வைத்தால் ஊறித் தானாக வரும். தலையணை உறையைத் தினமும் மாற்றுங்கள். சிவப்பு பரவிக்கொண்டே போய், சூடாகி, சீழோ காய்ச்சலோ வந்தால் பாக்டீரியா சேர்ந்துவிட்டது என்று பொருள், அதற்குத் தனி மருந்து வேண்டும்.

கொப்புள நீரில் வைரஸ் இருக்கிறது. அதைத் தொட்டவருக்கு அக்கி வராது. ஆனால் அதுவரை அம்மை வராதவராகவும் தடுப்பூசி போடாதவராகவும் இருந்தால் சின்னம்மை வரும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும்வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள், கைக்குழந்தைகள், அம்மை வராத கர்ப்பிணிகள், கீமோதெரபியில் இருப்பவர்கள் பக்கத்தில் போக வேண்டாம். துண்டையும் சீப்பையும் தனியாக வைத்துக்கொண்டால் போதும், தனி அறையில் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

வலி

முதல் இரண்டு வாரத்தில் வலியைப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை. பாரசிட்டமாலில் தொடங்குவோம். அது போதாதவர்களுக்கு நரம்பு வலிக்கான காபாபென்டின், ப்ரீகாபாலின் அல்லது குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் இரவில் கொடுப்போம். இவை பாரசிட்டமால்போல அரை மணியில் வேலை செய்யாது, சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும். முதல் நாள்களில் தலைசுற்றலும் தூக்கமும் இருக்கும். வயதானவர்கள் இரவில் பாத்ரூம் போகும்போது விழுந்துவிடாமல் யாராவது கூட இருக்க வேண்டும்.

கொப்புளம் வந்து மூன்று மாதம் கழிந்தும் நிற்கும் வலிதான் அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி. 60 வயதைக் கடந்தவர்கள், முதல் வாரத்திலேயே கடும் வலி இருந்தவர்கள், நெற்றியில் வந்தவர்கள், இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சீக்கிரம் மாத்திரை தொடங்கினால் முதல் வார வலி குறைவதும் கண் காப்பாற்றப்படுவதும் தெளிவாகத் தெரிந்தவை. இந்த நீண்ட வலியை அது முழுவதும் தடுத்துவிடும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். சரியாக மருந்து சாப்பிட்ட சிலருக்கும் அது வருகிறது. வந்தால் அது அவர்கள் தவறல்ல, அதற்கும் சிகிச்சை உண்டு.

அந்த அம்மாவுக்கு ஒன்பதாம் நாளில் எல்லாம் பொருக்கானது. ஆறு வாரம் வரை இரவில் காபாபென்டின் தேவைப்பட்டது. மூன்றாம் மாதத்தில் வலி போய், வகிடோரம் எறும்பு ஊர்வதுபோல ஒரு நமைச்சல் மட்டும் இருந்தது. பார்வை முன்பு இருந்த அளவிலேயே இருக்கிறது, தையல் மிஷினுக்குத் திரும்பிவிட்டார். ஆனாலும் கண் மருத்துவர் அவரை இன்னும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார், அழற்சி திரும்புகிறதா, அழுத்தம் ஏறுகிறதா என்று பார்ப்பதற்காக.

எப்போது நேராக அவசரப் பிரிவுக்கு

பார்வை திடீரென்று குறைவது, இரட்டையாகத் தெரிவது, கடும் தலைவலியோடு கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, முகமோ கைகாலோ ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது இவற்றுக்குக் கிளினிக்கைத் தேட வேண்டாம். நெற்றி அக்கிக்குப் பிறகு வரும் சில மாதங்களில் பக்கவாதத்துக்கான வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்பதால் கடைசி அறிகுறியைக் கொப்புளம் ஆறிய பிறகும் நினைவில் வைத்திருங்கள். காதிலும் காது மடலிலும் கொப்புளம் வந்து வாய் கோணினால் அது முகத்தை அசைக்கும் நரம்பில் வந்த அக்கி, அதற்கும் அதே அவசரம். உடம்பில் பல இடங்களில் கொப்புளம் பரவினாலும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கோ உறுப்பு மாற்று செய்தவருக்கோ முகத்தில் அக்கி வந்தாலும் ஊசி வழியாக அசைக்ளோவிர் தேவைப்படலாம், அதனால் படுக்கை வசதி உள்ள மருத்துவமனைக்கே போங்கள். வேறு காரணம் தெரியாத இளவயதுக்காரர் ஒருவருக்கு நெற்றி அக்கி வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளச் சொல்வோம். அது சந்தேகப்படுவதற்காக அல்ல, இருந்தால் சீக்கிரம் மருந்து தொடங்குவதற்காக.

கடைசியாக அந்த மகன் கேட்டது தடுப்பூசியைப் பற்றி. ஷிங்ரிக்ஸ் என்ற ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்த 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் உரியது. இரண்டு ஊசி, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் போட வேண்டும். ஊசி போட்ட கை ஓரிரு நாள் நன்றாக வலிக்கும், காய்ச்சலும் வரலாம். விலை அதிகம், அதை மறைக்க முடியாது. ஏற்கெனவே அக்கி வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் கொப்புளமும் கண் அழற்சியும் முழுவதும் தணிந்த பிறகு. அம்மாவுக்குக் கண் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு பார்க்கலாம் என்று வைத்திருக்கிறோம். 58 வயதான அப்பாவுக்கு முதல் ஊசி சென்ற மாதம் போட்டாகிவிட்டது.